கிரைண்டரை ஏற்றாத பஸ்

தோஹாவில் ஒன்பது வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு ஊர் திரும்பிய ரெஜினுக்கு, வடக்குமாங்குளத்தில் ஓர் ஏசி கடை இல்லாதது பெரிய அநியாயமாகப் பட்டது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, கையில் நல்ல தொழில் இருக்கிறது, சேர்த்த பணமும் கொஞ்சம் இருக்கிறது. இன்னும் என்ன வேண்டும்?

திருப்பனந்தாளிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி மண்ணியாற்றங்கரையில் இருக்கும் ஊர் அது. நானூறு வீடு, மாதா கோவில் ஒன்று, மாரியம்மன் கோவில் ஒன்று, டீக்கடை இரண்டு. மெயின் ரோட்டில் அப்துல் ஹமீது பாய் புதிதாக ஒரு ஷட்டர் கடை கட்டிப் போட்டிருந்தார். வாடகை நாலாயிரம், அட்வான்ஸ் ஐம்பதாயிரம். பத்து நாளைக்குள் சொல்லும்படி ரெஜினிடம் கேட்டிருந்தார். ரெஜின் மனதுக்குள் போர்டே எழுதி மாட்டிவிட்டான்: 'ரெஜின் கூல் ஜோன்.'

அவன் மனைவி பிரின்ஸி நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர். வாய்க்கால் தூர் வாருகிற இடத்தில் ஆள் கணக்கு எடுப்பது, போட்டோ பிடித்து ஏற்றுவது அவள் வேலை. கூடவே நாற்பது பெண்கள் பேசுவதை நாள் முழுக்கக் கேட்பதும்.

"அங்க நடவுக் கூலியப் பத்திப் பேசுறாங்க, மருமகளப் பத்திப் பேசுறாங்க. ஏசின்னு ஒருத்தர் வாயிலயும் வந்ததில்லங்க" என்றாள்.

"கேட்டாத்தானே சொல்லுவாங்க? நானே கேட்டுட்டு வர்றேன்."

நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினான். இரண்டு நாளில் நாற்பத்தேழு வீடு ஏறி இறங்கினான். எல்லா வீட்டிலும் தண்ணீர் கொடுத்தார்கள், மோர் கொடுத்தார்கள், தோஹாவில் வெயில் எப்படி என்று விசாரித்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"நாப்பத்தேழுல முப்பத்தொம்பது பேரு வாங்குறேன்னுட்டாங்க, பிரின்ஸி!"

பிரின்ஸி கெளுத்தி மீனை உரசிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "வாங்குவீங்களான்னு நீங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு கேட்டா, நம்ம ஊருல யாரு இல்லன்னு சொல்லுவா? நல்லாப் பொழைக்கட்டும்னு ஆமாங்கறாங்க. அந்த முப்பத்தொம்பது பேருகிட்டயும் புக்கிங்குன்னு சொல்லி ஆளுக்கு ஐந்நூறு ரூபா வாங்கிட்டு வாங்க. அப்புறம் பாய்க்கு அட்வான்ஸ் குடுக்கலாம்."

அது ஒன்றும் பெரிய காரியமில்லை என்றுதான் ரெஜின் நினைத்தான். மறுநாள் போனபோது மோர் வந்தது, ஐந்நூறு வரவில்லை. ஒருவருக்குக் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் இன்னும் ஏறவில்லை. இன்னொருவருக்குக் காதுகுத்து இருந்தது. ஒரு அம்மாள் வாய்விட்டே சிரித்துவிட்டாள்.

"நூறு யூனிட்டத் தாண்டிரக் கூடாதுன்னு நாங்க ஃபேனையே ரெண்டுல வச்சுப் படுக்குறோம். ஏசிய மாட்டிட்டு கரண்ட் பில்லுக்கு உன்கிட்டயா வர்றது?"

ஐந்நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டியது ஒரே ஒருவர். ரிட்டயர்ட் தலைமையாசிரியர் ஆசீர்வாதம். ரெஜினுக்கு உயிர் வந்தது.

"சந்தோஷம் சார். உங்களை மாதிரி இன்னும் நாலு பேரு இருந்தா போதும்."

"இல்லையேப்பா" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு. "இந்த ஊருல பென்ஷன் வாங்குறது மூணு பேரு. ரெண்டு பேரு வீட்டுல ஏசி இருக்கு. மிச்சம் நான்தான்."

ரெஜின் அந்த நோட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான். அன்றிரவு பெயரெல்லாம் எழுதிய நோட்டைப் பரணில் போட்டான். ஒன்பது வருடம் கற்ற தொழிலுக்கு ஊரில் ஒரே ஒரு சுவர்தான் காலி என்பது எப்படிப்பட்ட கணக்கு!

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதீங்க" என்றாள் பிரின்ஸி. "எதுக்குக் காசு குடுக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே எதுக்குக் குடுக்குறாங்கன்னு பாருங்க. வீட்டுல போயிக் கேக்காதீங்க, பஸ் ஸ்டாப்புல உக்காந்து பாருங்க. என்ன வாங்கிட்டு இறங்குறாங்கன்னு."

வேறு வேலையும் இல்லை. போய் உட்கார்ந்தான்.

முதல் மூன்று நாள் பார்த்ததில் மனது இன்னும் கனத்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. காலையில் வெறுங்கையோடு ஏறுகிறவர்கள் சாயங்காலம் கும்பகோணத்திலிருந்து துணிப் பை, பழப் பை, மருந்துப் பை, பிள்ளைக்கு ஸ்கூல் ஷூ என்று இறங்கினார்கள். பஸ் ஸ்டாப்பை ஒட்டி மளிகைக் கடை வைத்திருந்த தியாகராசன் அதைப் பார்த்து தினமும் ஒருமுறை பெருமூச்சு விடுவார்.

"போக வரச் செலவில்ல. அங்க நாலு கடை ஏறி விலை கேட்டு வாங்குறாங்க. என்கிட்ட அவசரத்துக்குத் தீப்பெட்டிதான்" என்றார். "நீ என்ன கடை போட்டாலும் கும்பகோணத்தோடதான் மல்லுக்கு நிக்கணும், பாத்துக்க."

நான்காம் நாள் காலை தங்கமணி வந்தாள். நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவள், ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் ஒரு சாக்கு மூட்டை. அதை இறக்கி வைத்ததும் தரை அதிர்ந்தது. சாக்குக்குள் அரசாங்கம் எப்போதோ கொடுத்த இலவச கிரைண்டர்.

பஸ் வந்தது. கண்டக்டர் மூட்டையைப் பார்த்தார். "இதென்னம்மா? இத எங்க வைப்பீங்க? கூட்டமா இருக்கு. அடுத்த வண்டியில வாங்க. லக்கேஜ் டிக்கெட் போடணும், சொல்லிட்டேன்."

"போன வாரமும் இதத்தான்யா சொன்னே!"

பஸ் கிளம்பிவிட்டது. தங்கமணி கிரைண்டர் மேலேயே உட்கார்ந்து, கண்டக்டரின் வம்சத்தையே நிதானமாகத் திட்டி ஒரு சுற்று வந்தாள்.

ரெஜின் பக்கத்தில் போனான். "என்னக்கா ஆச்சு கிரைண்டருக்கு?"

"மோட்டார் ஓடுது தம்பி, கல்லு சுத்த மாட்டேங்குது."

"கும்பகோணத்துல எவ்வளவு கேப்பாங்க?"

"அவன் கேக்குறது நூறோ நூத்தம்பதோ. அத விடு. பஸ் ஸ்டாண்டுல இருந்து கடைக்கு ஆட்டோவுக்கு எம்பது. 'வச்சிட்டுப் போ, நாளைக்கி வா'ம்பான். ரெண்டு நாள் நடவு போச்சு. நான் சும்மாவே போறேன், இந்தச் சனியன் சும்மா போக மாட்டேங்குது."

ரெஜினுக்குள் ஏதோ சட்டென்று விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. மூன்று நாளாக அவன் பார்த்ததெல்லாம் கையில் பிடித்துப் பஸ்ஸில் வருகிற சாமான். ஏறாத சாமானை அவன் பார்க்கவே இல்லை. அது பஸ் ஸ்டாப்புக்கே வராமல் எத்தனை வீட்டுக் கட்டிலுக்கடியில் கிடக்கிறதோ!

பைக்கிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துவந்து அங்கேயே கிரைண்டரைக் கவிழ்த்துத் திறந்தான். பெல்ட் அறுந்திருந்தது. அவ்வளவுதான். அறுந்த பெல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கும்பகோணம் போய், அதே அளவில் பத்து பெல்ட் வாங்கி வந்தான். மத்தியானம் தங்கமணி வீட்டில் கல் கரகரவென்று சுற்றியது.

"எவ்வளவு தம்பி?"

"இருநூத்தம்பது குடுங்கக்கா."

தங்கமணி கிரைண்டரை நிறுத்தினாள். கோபமெல்லாம் இல்லை. "ஒரு நாள் கூலிய முழுசா உன்கிட்டக் குடுத்துட்டா, இதுல போட்டு அரைக்க அரிசி எதுல வாங்குறது?"

ரெஜின் மறுபடி கணக்குப் போட்டான். பெல்ட் விலை அறுபது. நூற்றிருபது போதும் என்றான். அவள் மறு பேச்சுப் பேசாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தாள். நாற்பத்தேழு வீடு அலைந்ததற்கு வராத காசு, கேட்ட உடனே கைக்கு வந்தது. அதைப் பிரின்ஸியிடம் காட்டியபோது அவன் முகம் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவன் முகம் மாதிரி இருந்தது.

மறுநாள் வாய்க்கால் வேலையில் பிரின்ஸி எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தங்கமணியே சொல்லிவிட்டாள். சாயங்காலம் வாசலில் ஆறு பேர். மிக்ஸி மோட்டாரில் கார்பன் தேய்ந்தது, ஜாரைச் சுழற்றும் கப்ளர் உடைந்தது, ஜார் ஒழுகுவது, ஃபேன் முனகுவது. ஏசியைப் பிரித்து மேய்ந்த கைக்கு இதெல்லாம் விளையாட்டு. கப்ளருக்கு ஐம்பது, கார்பனுக்கு எண்பது என்று பிரின்ஸி ஓர் அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டாள். "திறந்து பாத்துட்டு விலை சொல்றேன்னா யாரும் குடுக்க மாட்டாங்க. பயப்படுவாங்க. முன்னாடியே தெரிஞ்சாத்தான் தைரியமா தூக்கிட்டு வருவாங்க."

மூன்று வாரம் கை ஓயாமல் வேலை. நாலாவது வாரம் நின்றுபோனது. திங்கள் ஒன்று, செவ்வாய் ஒன்றுமில்லை, புதன் ஒரு டார்ச் லைட். ரெஜின் வாசலில் நின்று தெருவை வெறித்துப் பார்த்தான்.

"ஊருல கெட்டுக் கெடந்ததெல்லாம் சரியாயிருச்சு பிரின்ஸி. நல்லா ரிப்பேர் பண்ணித் தொலைச்சிட்டேன்."

பிரின்ஸிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சிரித்து முடித்ததும் உட்கார்ந்து யோசித்தார்கள். நானூறு வீட்டில், வீட்டுக்கு வருடம் இரண்டு தடவை ஏதாவது கெட்டாலும் நாளைக்கு இரண்டு வேலைதான் தேறும். அதை வைத்து வாடகைக் கடை எடுத்தால் ஷட்டரைத் தூக்கி இறக்கத்தான் சரியாக இருக்கும். ஒரு வீட்டிலிருந்து இதற்கு மேல் காசு எதிர்பார்க்க முடியாது. வீடுகளைத்தான் கூட்ட வேண்டும்.

"ஒன்றிய ஆபீஸ் மீட்டிங்குக்கு என்னை மாதிரி அஞ்சு ஊரு பொறுப்பாளருங்க வர்றாங்க" என்றாள் பிரின்ஸி. "அவங்ககிட்டச் சொல்றேன். ஊருக்கு ஒரு நாள்னு வச்சுக்குங்க. அந்த நாள் தவறக் கூடாது, அவ்வளவுதான்."

பழைய எக்ஸ்எல் வண்டி ஒன்று வாங்கினான். பின்னால் ஒரு பெட்டி: பெல்ட், கார்பன், கப்ளர், ஜாருக்குப் புஷ், ஃபேனுக்குக் கண்டென்சர். கூடவே சும்மா கிடந்த இரண்டு பழைய மிக்ஸிகளைச் சரிசெய்து வைத்துக்கொண்டான். ரிப்பேருக்கு நாளாகும் என்றால், அதுவரைக்கும் ஒன்றைக் கொடுத்துவிட்டு வருவான். சட்னி அரைக்காமல் எந்த வீடும் ஒரு வாரம் காத்திருக்காது.

பத்து நாள் கெடு எப்போதோ தாண்டிய பிறகு பாயிடம் போய்க் கடை வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் கூச்சமாக இருந்தது. அப்துல் ஹமீது காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"கடைக்கு ஆளு வரும்ப்பா. நீ உள்ள வா. எங்க வீட்டு மிக்ஸி ரெண்டு மாசமா புகையுது. இதுக்காகக் கும்பகோணம் போறதான்னு எங்க வீட்டுல என்னைப் போட்டு வாங்குறாங்க."

ஆறு மாதம் ஓடியது. மழைக்காலத்தில் வேலை குறைந்தது, பொங்கலுக்கு முன்னால் மூச்சுமுட்ட வந்தது. அறுவடைப் பணம் ஏறிய மாதத்தில், "இதுவும் கிடக்குது, அதுவும் பாத்திரு" என்று பரணிலிருந்தெல்லாம் இறக்கிக் கொடுத்தார்கள். தோஹா சம்பளத்தில் பாதிதான் வந்தது. ஆனால் மத்தியானச் சோறு வீட்டுச் சோறு.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆற்றுக்கு அக்கரை ஊரில், ஷமீரா என்ற பெண்ணின் மிக்ஸிக்கு ஜார் புஷ்ஷும் கார்பனும் மாற்றிக் கொடுத்தான். நூற்றெழுபது ஆனது. அவள் கதவோரம் தயங்கி நின்றாள்.

"அண்ணே, காசு அடுத்த வாரம்தான் வரும். உளுந்து இருக்கு, நேத்து அடிச்சது. எடுத்துக்குறீங்களா?"

ரெஜின் பிரின்ஸிக்குப் போன் போட்டான்.

"புது உளுந்தா? வாங்கிக்குங்க" என்றாள் அவள். "கடை விலையே போட்டுக்குங்க, கொறைக்காதீங்க பாவம். மண்ணு இல்லாம இருக்கான்னு மட்டும் கையில அள்ளிப் பாருங்க."

அள்ளிப் பார்த்தான். கருகருவென்று மினுமினுத்தது. ஷமீரா தராசு கொண்டுவந்து நிறுத்து, கையளவு மேலேயும் போட்டு, பையின் வாயைக் கட்டிக் கொடுத்தாள். அதைப் பெட்டிக்கு மேல் வைத்துக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"தம்பி, போயிராதீங்க! எங்க கிரைண்டரையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க!"