திரும்பி வந்த பைக் கடன்

வங்கியில் கடன் கேட்டு வருபவர்களின் பழைய கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கையைப் பார்ப்பது என் வேலை. கடன் கேட்டு என் எதிரே வந்திருந்த வெல்டர் ஒருவர் முன்பு கட்டாமல் விட்ட பைக் கடன் போன மாத அறிக்கையில் காணாமல் போயிருந்தது. இன்று அது மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது.

"அழிச்சுத் தர்றேன்னு ஒரு கம்பெனிக்காரன் காசு வாங்கினான் சார். இப்ப போனே எடுக்க மாட்டேங்குறான்."

"சிபிலுக்கு அனுப்ப என்னன்னு எழுதிக் கொடுத்தான்?"

"அந்தக் கடன் என்னோடது இல்லைன்னு. அதுல நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "விசாரிக்கிற வரைக்கும் சில சமயம் மறைஞ்சிருக்கும். உங்க கடன்தான்னு தெரிஞ்சா திரும்பிடும். உண்மையை யாராலயும் அழிக்க முடியாது. தப்பா இருந்தா நீங்களே இலவசமா திருத்தலாம். எவ்வளவு கொடுத்தீங்க?"

சொன்னார். பைக் பாக்கியே அவ்வளவுதான்.

திரையையே பார்த்தவர் மெதுவாகக் கேட்டார். "இதை அழிக்க வேற யாராவது இருக்காங்களா சார்?"