கையைக் கேட்டு வாங்கிய குக்கர்

அவளுக்கு வலது மணிக்கட்டுக்குள் யாரோ ஊசியை விட்டுத் திருகுவது போலிருந்தது. பகல் முழுக்கச் சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டி பிடித்த கை. தூக்கினால்கூடப் பொறுத்துக்கொள்ளும், திருகினால்தான் உயிர் போகும். வீட்டுக்கு வந்து பருப்பை வேக வைத்தால் குக்கர் மூடியைத் திருகித்தான் திறக்க வேண்டும். அதற்கு அவள் கண்டுபிடித்த வழி, சுவரைத் தட்டுவது. பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா வாயில் நூலைக் கடித்தபடியே வந்து ஒரு திருகு திருகிவிட்டுப் போவாள்.

"ஊருல எல்லாரும் கதவு தட்டுவாங்க, இவ குக்கருக்காகச் சுவத்தைத் தட்டுறா," என்பாள் அக்கா. "புருஷன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"அவர் வர்றதுக்குள்ள பருப்பு ஆறிடும் அக்கா."

சொல்லாததற்குக் காரணம் வேறு. சரக்கு வண்டியில் மூட்டை ஏற்றி இறக்குகிற மனுஷன் அவன். தோளில் தழும்பு காய்த்துப் போயிருக்கிறது. அவனிடம் போய்க் கை வலிக்கிறது என்று சொல்ல அவளுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

அந்த வாரம் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப் போனாள். தண்ணீர் வற்றி, மூடியிலிருந்த பாதுகாப்பு வால்வு உருகி, புஸ்ஸென்று ஆவி பீறிட்ட சத்தத்தில்தான் விழித்தாள். குக்கரின் அடி உப்பிப்போய், சமதளத்தில் வைத்தால் பம்பரமாக ஆடியது. கணவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அடி போனா என்ன? இந்த ஓட்டையில ஒரு போல்ட்டை முடுக்கிட்டா ஆயுசுக்கும் ஓடும்."

"ஓடும், கூரையைப் பிச்சுக்கிட்டு. மரியாதையா வாங்க, புதுசு வாங்கலாம்."

விடுமுறை நாளில் மகளையும் கூட்டிக்கொண்டு பாத்திரக்கடைக்குப் போனார்கள். போல்ட் யோசனையைக் கேட்டதும் கடைக்காரம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, உள்ள ஆவி முட்டும்போது வெளிய விடறதுக்குத்தான் அந்த வால்வு. அது உருகினதாலதான் நீங்க முழுசா வந்து நிக்கிறீங்க. அடைச்சிருந்தா மூடியே வெடிச்சிருக்கும்."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு அலமாரிப் பக்கம் திரும்பினான். அவனுக்குத் தெரிந்த தரப் பரிசோதனை ஒன்றுதான். ஒவ்வொரு குக்கராக எடுத்துத் தோளுக்குக் கொண்டுபோய், கண்ணை மூடி, கனம் பார்த்தான். அலுமினியத்தை, "இது பஞ்சு மூட்டை," என்று ஒதுக்கினான். கடைசியில் ஐந்து லிட்டர் எவர்சில்வர் ஒன்றைத் தோளில் ஏற்றியதும் முகம் மலர்ந்தது.

"இதான் சரக்கு! கனமா இருந்தாத்தான் உழைக்கும்."

"மூட்டையா வாங்குறோம்? மூணு பேருக்குச் சமைக்க அஞ்சு லிட்டர் எதுக்கு?"

"நான் மட்டும் ரெண்டு பேருக்குச் சாப்பிடுறேனே, அதைக் கணக்குல சேர்க்கலையா?"

கடைக்காரம்மா நிதானமாகச் சொன்னாள். அலுமினியம் லேசு, சீக்கிரம் சூடேறும். ஆனால் புளிப்பு பட்டால் கறுக்கும். எவர்சில்வருக்கு அந்தத் தொல்லை இல்லை. அடி மட்டும் மெலிசாக இருந்தால் சமையல் அடிபிடிக்கும், அதனால் நடுவில் அலுமினியம் வைத்த மூணடுக்கு அடியாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

"எங்க வீட்டுல தக்காளி இல்லாம சமையலே இல்ல," என்றாள் அவள். "எவர்சில்வர்தான். ஆனா இந்த யானை வேண்டாம்."

"யானையோட பலத்தைப் பார்க்காம பேசாத."

"சரி, பாத்துடுவோம். அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க."

கடைக்காரம்மா குடத்திலிருந்து பாதி குக்கர் வரை ஊற்றினாள். அடுப்பிலிருந்து இறக்குவது போல, நீளக் கைப்பிடியைப் பிடித்து வலது கையால் தூக்கினாள் அவள். மேசையிலிருந்து ஒரு சாண் எழும்பியது. மணிக்கட்டு சுருக்கென்றது, குக்கர் சாய்ந்தது, தண்ணீர் மொத்தமும் கணவனின் இரண்டு கால் மேலும் கொட்டியது.

மகள் கைதட்டிச் சிரித்தாள். "அப்பா குளிச்சாச்சு!"

கடையே சிரித்தது. அவனும் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான். நனைந்த காலைப் பார்த்தான். அவள் முந்தானைக்குள் மறைத்த கையைப் பார்த்தான்.

"இது கொதிக்கிற தண்ணியா இருந்திருந்தா?" என்றான் மெதுவாக. "எத்தனை நாளா வலிக்குது?"

"வேலை செய்ற கை வலிக்காதா?"

"எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"உங்க தோளுக்கு முன்னால என் கை என்னத்துக்கு ஆகும்னுதான்."

அவன் அந்த யானையைத் தூக்கி அலமாரியில் வைத்தான். "அம்மா, என் தோளை விடுங்க. இவ கைக்கு எது தோதுன்னு காட்டுங்க."

இப்போது பேச்சு மூடிக்கு வந்தது. வெளியே மூடுகிற மூடியைத் திருகிப் பூட்ட வேண்டும். அவள் முயன்றாள், பல்லைக் கடித்தாள், வேண்டாமென்று தலையாட்டினாள். அடுத்தது மூன்று லிட்டர், உள்மூடி. முட்டை வடிவ மூடியைச் சாய்த்து உள்ளே இறக்கி, நிமிர்த்தி, அதன் கைப்பிடியைக் கீழே அழுத்திக் கொக்கியில் மாட்டினால் முடிந்தது. திருகலே கிடையாது.

"ஆவி ஏற ஏற உள்ளிருந்து மேல தள்ளி இன்னும் இறுக்கமா உக்காரும்," என்றாள் கடைக்காரம்மா. "ஆவி அடங்காம திறக்கவே முடியாது. வலு காட்டிப் பாக்காதீங்க, அண்ணே."

அண்ணன் உடனே வாங்கிப் பார்த்தான். மரக்கட்டை போன்ற விரல்களில் அந்த மூடி குறுக்கே சிக்கியது, நெடுக்கே சிக்கியது, உள்ளே மட்டும் போகவில்லை.

"ஓட்டைக்குப் பெரிய மூடியைச் செஞ்சு வச்சிருக்கானுங்க!"

அவள் வாங்கி, சாய்த்து, இறக்கி, டக்கென்று மாட்டினாள். கழற்றினாள். மறுபடி மாட்டினாள். மணிக்கட்டு வாயே திறக்கவில்லை. எதிர்ப்பக்கமும் ஒரு சின்னப் பிடி இருந்ததால் நீர் ஊற்றித் தூக்கியபோது பாரம் இரண்டு கைக்கும் பிரிந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள், பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி.

"பருப்புன்னா பாதிக்கு மேல போடாதீங்க, நுரை போய் குழாயை அடைக்கும்," என்று வாசல் வரை வந்து சொன்னாள் கடைக்காரம்மா.

வீடு திரும்பும்போது பெட்டியைத் தோளில் சுமந்தவன் தெருவெல்லாம் புலம்பினான். "பாரமே தெரியலை. வெறும் பெட்டியைக் குடுத்துட்டாங்களோ?"

பக்கத்து வீட்டு அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "அப்போ எனக்கு வேலை போச்சா? இத்தனை நாள் திருகினதுக்குக் கூலி?"

"முதல் சமையல்ல முதல் கிண்ணம் உங்களுக்குத்தான் அக்கா. சத்தியமா."

முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பார்த்தாள். பிறகு ஆவிக்குழாயை வெளிச்சத்தில் பிடித்து, அடைப்பில்லை என்று கண்டு, பருப்பும் தக்காளியும் போட்டாள். ஆவி சீராக வந்ததும் வெயிட்டை வைத்தாள். விசில் அடித்தபோது கணவன் துள்ளினான், மகள் பதிலுக்கு விசில் அடித்தாள். அடுப்பை அணைத்து, ஆவி தானாக அடங்கும்வரை மூன்று பேரும் குக்கரைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். வெயிட்டைத் தூக்கிப் பார்த்தாள். சத்தமில்லை. கொக்கியை விட்டாள், மூடி தளர்ந்து இறங்கியது, சாய்த்து வெளியே எடுத்தாள். வாசனை முகத்தில் அடித்தது.

சுவர் பக்கம் போன கையை அவளே இழுத்துக்கொண்டாள்.

"நானே திறந்துட்டேன்!" என்றாள், ஏதோ கோட்டையைத் திறந்தது போல.

அவன் இரண்டு பேருக்குச் சாப்பிட்டான். அன்றைக்கு அவளும் இரண்டு பேருக்குச் சாப்பிட்டாள். மகள் குக்கருக்குள் தலையை விட்டு வழித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கமிருந்து சுவர் தட்டப்பட்டது. டக், டக், டக்.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு கிண்ணம் பருப்பு பாக்கி.