இரண்டாவது கையெழுத்து

“அன்புள்ள கவிப்ரியா, எங்கள் வார்டுக்கு நல்வரவு” என்று தொடங்கிய கடிதத்தை வார்டு சிஸ்டர் மங்கையர்க்கரசி பெருமையாக நீட்டினாள். வாங்கிய புது நர்சின் பெயர் சங்கவி. கவிப்ரியா வேலையை விட்டுத் தீவிலிருந்து கப்பலேறி இரண்டு மாதம் ஆகிறது.

“அரே, பேரை மாத்த மறந்துட்டேன்மா. உள்ள இருக்கறது உனக்கும் பொருந்தும்.”

நோயாளியின் பெயரை இருமுறை சரிபார்க்காமல் ஒரு மாத்திரைகூடக் கொடுக்காதே என்று அதே கடிதத்தில் எழுதியிருந்ததும் இவள்தான். இருபத்தாறு வருட சர்வீஸின் லட்சணம்!

மாயாபந்தர் ஊரைத் தாண்டிய அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் இருபது கட்டிலுக்கு ஆறு நர்சுகள் வேண்டும். இருந்ததோ மங்கையர்க்கரசியையும் சேர்த்து மூன்று பேர். இரவு டியூட்டியை முத்துமணியும் சுகுணாவும் மாற்றி மாற்றித் தனியாகப் பார்த்தார்கள். சுகுணாவோ ஏழு மாதக் கர்ப்பிணி. சங்கவி நிலைத்தால் அவளைப் பகலுக்கு மாற்றிவிடலாம்.

“நீயும் தீவுக்காரப் பொண்ணுதானே, கராச்சர்மாதானே ஊர்? இங்க இருந்துடுவேல்ல?”

“பாக்கலாம் சிஸ்டர்.”

கவிப்ரியாவும் அன்றைக்கு இதைத்தான் சொன்னாள்.

சங்கவி நின்றபடியே படித்தாள். ஏழே காலுக்கு வந்து ஒவ்வொரு கட்டிலருகிலும் நின்று பொறுப்பு வாங்க வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஆக்ஸிஜன் சிலிண்டரைப் பார்க்க வேண்டும். மூன்றாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது.

“இன்சுலின், பொட்டாசியம் போடும்போது ரெண்டு நர்ஸ் சேர்ந்து பாத்து, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்னு எழுதிருக்கீங்க. நைட்ல நான் ஒருத்திதானே இருப்பேன்?”

“டாக்டர் குவார்ட்டர்ஸ் பக்கத்துலதான்மா.”

“ஒவ்வொரு ஊசிக்கும் எழுந்து வருவாரா?”

மங்கையர்க்கரசி சிரித்துப் பார்த்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. மேஜையில் கிடந்த மருந்து ரெஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பினாள். போன வாரத்து இரவுகள். முதல் கட்டத்தில் ஒரு நாள் முத்துமணி, ஒரு நாள் சுகுணா. இரண்டாவதில் எல்லா வரியிலும் மங்கையர்க்கரசியின் அழகான கையெழுத்து.

“அப்ப நீங்க இங்கதான் இருந்தீங்களா சிஸ்டர்?”

“காலைல வந்து போடறதும்மா. இன்ஸ்பெக்‌ஷன்ல கட்டம் காலியா இருந்தா சுகுணாவைத்தானே கேப்பாங்க? ஆள் கேட்டு மேலிடத்துக்கு நாலு தடவை எழுதிட்டேன். ஆள் வருது, வருதுன்னு பதில் வருது.”

“டோஸ் மாறிப்போச்சுன்னா?”

மாறியதில்லை என்று சொல்ல மங்கையர்க்கரசி வாயெடுத்தாள். மாறியிருந்தால் தனக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

வெளியே சுகுணா இடுப்பில் கைவைத்து, சலைன் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு போனாள்.

“மறைக்காம சொல்லும்மா. வியாழக்கிழமை நைட்டுக்கு உன் பேரைப் போடட்டுமா?”

சங்கவி கடிதத்தை மடித்து மேஜையில் வைத்தாள்.

“வேணாம் சிஸ்டர். தனியா நான் பாக்க மாட்டேன். ரெண்டு பேரா போட முடியாதுன்னா நான் வீட்டுக்கே போயிடறேன். சுகுணாக்காவைப் பாத்தா பாவமாத்தான் இருக்கு, ஆனா மாட்டேன்.”