பழைய தேதி

ஜுரு ஊரில் பஷீரின் பழைய இரும்புக் கிடங்கில் அன்று காலை எந்த இணையதளமும் திறக்கவில்லை. துறைமுகம், வங்கி, கூகுள், எதைத் தட்டினாலும் சிவப்பு எச்சரிக்கைதான்: இணைப்பு பாதுகாப்பானதல்ல.

கிளார்க் மோகனாவின் கைப்பேசியில் அதே வைஃபையில் எல்லாம் திறந்தது. ஆனால் துறைமுக நுழைவுப் பதிவுக்கான மின்னணுச் சாவி கணினியில்தான் செருகியிருந்தது. பதிவு இல்லாமல் கண்டெய்னர் துறைமுகக் கேட்டைத் தாண்டாது. கப்பலுக்கு மதியம் வரைதான் சரக்கு ஏற்பார்கள்.

"நாடகம் பாத்துப் பாத்து வைரஸ ஏத்திட்ட. கப்பல் போச்சுன்னா நாளையிலேர்ந்து வராத" என்றார் பஷீர்.

"பாஸ், நான் நாடகம் போன்லதான் பாப்பேன்."

அது உதவவில்லை.

கண்டெய்னர் லோரி டிரைவர் இத்ரீஸ் எடைச்சீட்டோடு உள்ளே வந்தான். "அக்கா, என்னா சீட்டு இது? ரெண்டு வருஷத்துக்கு முந்தின தேதி போட்டிருக்கு. அப்ப நா இந்த லோரிய கண்ணால கூட பாக்கல லா."

மோகனா சீட்டை வாங்கிப் பார்த்தாள். கணினித் திரையின் மூலையைப் பார்த்தாள். அதே தேதி. எச்சரிக்கைக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததை இப்போதுதான் படித்தாள்: உங்கள் கடிகாரம் பின்தங்கியுள்ளது. இந்தத் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் எல்லாம் சமீபத்தில் கொடுத்தவை. இந்தக் கணினிக்கோ அவை இன்னும் பிறக்கவே இல்லை. எப்படி நம்பும்?

"பாஸ், தேதிய யாரு மாத்துனது?"

பஷீர் மின்விசிறியைப் பார்த்தார். "எடை போடுற சாப்ட்வேர் நேத்து சாயங்காலம் காலாவதின்னு நின்னுடுச்சி. வித்தவன் கடைய மூடிட்டு ஓடிட்டான். தேதிய பின்னால தள்ளுனா ஓடும்னு ஒருத்தன் சொன்னான். ஓடுச்சி."

"நல்லா ஓடுச்சி" என்றான் இத்ரீஸ்.

மோகனா தேதியையும் நேரத்தையும் திருத்தினாள். பிரவுசரை மூடித் திறந்தாள். துறைமுகத் தளம் ஒன்றுமே நடக்காததுபோல் வந்து நின்றது. பதிவு முடிந்தது. இத்ரீஸ் கிளம்பினான்.

வெளியே எடைமேடையில் அடுத்த லோரி ஹார்ன் அடித்தது. கணினியில் எடை சாப்ட்வேர் மறுபடி 'காலாவதி' என்று காட்டியது.

"மறுபடியும் பின்னால தள்ளு" என்றார் பஷீர்.

"அந்தப் பழைய தேதியோட சீட்டு அடிச்சா இத்ரீஸ் மாதிரி எல்லாரும் கேப்பாங்க பாஸ். புது சாப்ட்வேர் வாங்குங்க. அதுவரைக்கும் சீட்டக் கையால எழுதுறேன்."

 பஷீர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"அப்ப நாளைக்கு வரவா பாஸ்?"

"வா."

"எந்த வருஷத்துல?"

பஷீர் சிரிக்கவில்லை. ஹார்ன் மறுபடி அடித்தது. மோகனா பேனாவை எடுத்துக்கொண்டு எடைமேடைக்குப் போனாள்.