மேற்குச் சுவர் மூட்டைகள்

கொளஞ்சியப்பனின் பருத்தி அரவை மில் கிடங்கில் தீப்பிடித்த ஐந்தாம் நாள், இன்ஷூரன்ஸ் கம்பெனியின் அடைக்கலசாமி திருச்சியிலிருந்து பெரம்பலூருக்கு பஸ்ஸில் வந்து இறங்கினார். அது 1946 மார்கழி. தைக்குள் கூரை போடாவிட்டால் குன்னம் பக்கத்துப் பருத்தி முழுவதும் வேறு மில்லுக்குப் போய்விடும். இன்ஷூரன்ஸ் வந்தால்தான் கூரை.

"எல்லாத்துக்கும் உண்டுன்னு எழுதிடுங்க சார்" என்றார் கொளஞ்சியப்பன்.

"எனக்கு மூணே வார்த்தைதாங்க. உண்டு, இல்லை, ஓரளவு உண்டு. எதை எழுதினாலும் பக்கத்துல ஷரத்து நம்பர் போடணும். தீ எங்கேருந்து வந்துச்சு?"

"மேக்குச் சுவத்தோரம் அடுக்கின பருத்திக்கொட்டை மூட்டைலேருந்துதான். மழையில நனைஞ்ச கொட்டை. தீப்பிடிக்கிறதுக்கு முந்தியே ரெண்டு நாளா புழுங்கின வாடை அடிச்சுது."

அவர் மனைவி ரத்தினம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "பீடி விழுந்துச்சுன்னு சொல்லக்கூடாதா? பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேணும்!"

"சொல்லியிருந்தாலும் மூட்டை காட்டிக்கொடுத்திருக்கும்மா" என்ற அடைக்கலசாமி, பேனாக்கத்தியால் மேற்குச் சுவரோர மூட்டை ஒன்றைக் கிழித்தார். சாக்கு வெளியே பழுப்பேறியிருந்தது. உள்ளே நடுவில் கரி. கிழக்குச் சுவரோர மூட்டையில் சாக்கு கருகியிருந்தது. உள்ளே கொட்டை பச்சையாகவே இருந்தது. முதலாவது உள்ளிருந்து வெந்தது, இரண்டாவது வெளியிலிருந்து பற்றியது.

பாலிசியைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுதினார். மேற்கு மூட்டைகள்: இல்லை, ஷரத்து 8. கிழக்கு மூட்டைகள்: உண்டு, ஷரத்து 1. கூரை: உண்டு, ஷரத்து 1.

கொளஞ்சியப்பன் இரண்டு மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே நாள் அரைச்ச கொட்டை. ஒரே நெருப்பு. மேக்கால இல்லை, கெழக்கால உண்டா?"

"சரக்கு தானாவே புழுங்கி எரிஞ்சா அந்தச் சரக்குக்கு மட்டும் கிடையாதுன்னு எட்டாவது ஷரத்து சொல்லுது. அதுலேருந்து தாவின நெருப்பு மத்ததுக்கு வெளி நெருப்புதான். அதுக்கு முதல் ஷரத்து."

"இன்னிக்கு விக்கிற விலைக்குக் கூரைக்கே அது பத்தாதே" என்று ரத்தினம்மாள் முணுமுணுத்தாள்.

வெளியே முற்றத்தில் ஒன்பது பஞ்சுப்பொதிகள் நனைந்து பூசணம் பிடித்துக் கிடந்தன. கொளஞ்சியப்பன் எழுதிக் கொடுத்திருந்த சேதப் பட்டியலை அடைக்கலசாமி மறுபடி பார்த்தார்.

"இதை ஏன் எழுதலை?"

"அதுல நெருப்பே படலியே சார். அணைக்கிறப்ப ஊத்தின கிணத்துத் தண்ணி பட்டுது. தண்ணிக்கா பாலிசி எடுத்தேன்?"

"அணைக்க ஊத்தின தண்ணியால கெட்டதும் தீச் சேதம்தான். ஷரத்து 3. இதையும் சேத்து எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

மொத்தக் கோரிக்கைக்கு நேரே அவர் எழுதினார்: ஓரளவு உண்டு, ஷரத்து 1, 3, 8.

கொளஞ்சியப்பன் பேனாவைப் பிடித்தபடியே நின்றார். "கரியானதுக்கு இல்ல, நெருப்பே படாததுக்கு உண்டு. ஒண்ணும் வெளங்கலியே!"

"வெளங்குனப்புறம் போட்டா தை போயி மாசி வந்துரும்" என்றாள் ரத்தினம்மாள். "போடுங்க மொதல்ல. கூரைக்காரருக்கு ஆள் அனுப்பணும்."