ஒரு லட்சம் கேஸ்கள்

அந்தக் கல்லூரியில் அவளைப் பம்பரம் என்று கூப்பிடாதவர்கள் குறைவு. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் ஆடும், கால் ஓய்ந்தால் விரல் மேசையைத் தட்டும். கீபோர்டில் மட்டும் அந்தத் துடிப்பு ஒழுங்காக வடிந்துவிடும். மற்றவர்கள் ஒரு வரி அடிப்பதற்குள் அவள் நாலு வரி அடித்துவிடுவாள். புரோகிராமிங் போட்டியில் மூன்று பேருக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் என்பதால், அந்த விரல்களுக்காகத்தான் அவளை அணியில் சேர்த்திருந்தார்கள். அதே விரல்களால்தான் இப்போது அவள் இடத்துக்கே ஆபத்து வந்திருந்தது.

போன போட்டியில் அடித்த புரோகிராமைச் சரிபார்க்காமலே அனுப்பித் தொலைத்தாள். தப்பான ஒவ்வொரு அனுப்புதலுக்கும் அணியின் நேரக் கணக்கில் அபராதம் ஏறும். அப்படி ஏறிய அபராதத்தில் கைக்கு எட்டிய பரிசு போயே போய்விட்டது. பயிற்சி கொடுக்கும் மேடம் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. இன்று காலை வாசலில் நிறுத்தி ஒன்றே ஒன்று சொன்னார்.

"உன் அவசரத்தால இன்னிக்கு ஒரு தப்பு சப்மிஷன் போச்சுன்னா, அடுத்த சுற்றுல உன் நாற்காலியில அவதான் உட்காருவா."

அவள் என்றது நத்தையின் தங்கையை. நத்தை, அணியில் யோசிக்கிறவன். நடை, பேச்சு, சாப்பாடு எல்லாமே நிதானம், ஆனால் அவன் போடும் லாஜிக்கில் ஓட்டை இருந்து யாரும் பார்த்ததில்லை. அவன் தங்கை இரண்டு வருஷமாக மாற்று ஆள் என்ற பெயரில் ஒப்புக்குச் சப்பாணியாகக் கூடவே வருகிறாள். இன்றும் கயிறு கட்டிய தடுப்புக்கு அந்தப் பக்கம், மேடத்துக்குப் பக்கத்தில், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண்தான். ஆனாலும் பம்பரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பினாலே முதுகு கூசியது.

மூன்றாவது ஆளுக்கு ரேடியோ என்று பெயர். எந்த அணி எத்தனை போட்டது, யார் எந்த இடம் என்று பெரிய திரையைப் பார்த்து வாசித்துக்கொண்டே இருப்பான். கடைசி ஒரு மணி நேரம் அந்தத் திரையை உறைய வைத்துவிடுவார்கள், அப்புறம் மற்ற அணிகள் என்ன செய்கின்றன என்று யாருக்கும் தெரியாது. செய்தி நின்றுபோன ரேடியோ இப்போது நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் பேசினாலும் எரிச்சல், பேசாவிட்டாலும் எரிச்சல்.

மிச்சம் இருந்தது ஒரு கணக்கு. அதைப் போட்டால் அடுத்த சுற்று நிச்சயம் என்று திரை உறையும் முன்பே ரேடியோ கூட்டிக் கழித்துச் சொல்லியிருந்தான். நத்தை அதற்குத் தாளில் நாலு பக்கம் எழுதி வழி கண்டுபிடித்திருந்தான். சோதனைக்குத் தரும் ஒவ்வொரு கேஸிலும் முதலில் ஒரு வரிசை எண்கள் வரும், அடுத்த வரியில் அந்த எண்களைப் பற்றிய கேள்வி வரும். எண்களை வாசிக்கும் பகுதியையும் விடையை அச்சிடும் வரியையும் பம்பரம் அடித்தாள், வாசிக்கத் தன் வழக்கப்படி சி-இன் என்ற கட்டளையை வைத்து. கேள்வியை வாசித்து விடையைக் கணக்கிடும் பகுதியை நத்தையே உட்கார்ந்து அடித்தான். அவன் பழைய ஆள் மாதிரி, வாசிப்பதற்கு எப்போதும் ஸ்கேன்-எஃப் கட்டளைதான். இரண்டையும் ஒன்றாக வைத்து ஓட்டினார்கள், கேள்வித்தாளில் இருந்த மாதிரி உள்ளீட்டுக்குச் சரியான விடை வந்தது, அனுப்பினார்கள்.

டைம் லிமிட் என்று பதில் வந்தது. விடைகளைச் சோதிக்கும் கம்ப்யூட்டரான ஜட்ஜ் கொடுத்த ஒரு நொடிக்குள் புரோகிராம் முடியவில்லை.

ரேடியோ தலையில் கை வைத்துக்கொண்டான். நத்தை தாளை எடுத்துக்கொண்டு, இதைவிட வேகமான வழி இருக்கிறதா என்று முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தான். பம்பரம் கேள்வித்தாளை இழுத்து, யாரும் கவனமாகப் படிக்காத கடைசிப் பத்தியைப் படித்தாள். கேஸ்கள் ஒரு லட்சம் வரை வரலாம். எல்லாக் கேஸிலும் சேர்த்து எண்கள் இருபது லட்சம்.

அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. யோசிப்பதில் எங்கே தாமதம்? வாசிப்பதில்தான் தாமதம். சி-இன் சும்மா விட்டால் ஸ்கேன்-எஃப் குடும்பத்தோடு கை கோத்துக்கொண்டே நடக்கும், இரண்டில் எது எதுவரை வாசித்தது என்பது தப்பாமல் இருப்பதற்காக. சிங்க் என்கிற அந்தப் பிணைப்புக்கு விலை நேரம். போதாததற்கு, ஒவ்வொரு விடைக்கும் அவள் என்ட்-எல் போட்டிருந்தாள். அது வரியை முடிப்பதோடு நிற்காமல், சேர்ந்திருக்கும் எழுத்துகளை அந்தக் கணமே வெளியே தள்ளும். ஒரு லட்சம் விடைக்கு ஒரு லட்சம் தடவை தள்ளினால் என்னாவது?

கை கோத்ததைப் பிரிக்க ஒரு வரி. ஒவ்வொரு வாசிப்புக்கும் முன்னால் வெளியீட்டைத் தள்ளும் பழக்கத்தை நிறுத்த இன்னொரு வரி. என்ட்-எல் இருந்த இடத்தில் வெறும் வரி முறிப்பு. அடித்து முடித்தாள். அனுப்பும் பொத்தானுக்குப் போன விரலை அவளே பிடித்து நிறுத்தினாள். காலையில் கேட்ட வார்த்தை காதில் இருந்தது. மாதிரி உள்ளீட்டை வரி வரியாகக் கையாலேயே அடித்துப் பார்த்தாள். விடை அச்சு அசலாக வந்தது. இதற்கு மேலும் நிதானமாக இருந்தால் அவள் பம்பரமே இல்லை. அனுப்பினாள்.

ராங் ஆன்சர்.

அவள் அந்த இரண்டு வார்த்தையையும் மறுபடி படித்தாள்.

"அப்போ லாஜிக்கே தப்பு," என்றான் ரேடியோ. நத்தையின் முகம் வெளுத்துவிட்டது. எழுதிய நாலு பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் பேனாவால் குறுக்கே அடித்துக்கொண்டே வந்தான். தன் கையெழுத்தையே நம்பாதவன் மாதிரி ஒவ்வொரு வரியிலும் நின்றான். இத்தனை வருஷத்தில் அவன் லாஜிக்கை யாரும் தப்பு என்று சொன்னதில்லை, அவனுக்கே அது புது அனுபவமாக இருந்தது.

பம்பரத்தால் உட்கார முடியவில்லை. எழுந்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள். மாற்றியது வாசிப்பை மட்டும்தானே, விடை எப்படித் தப்பாகும்? மாதிரி உள்ளீடு ஃபைலாகவும் கொடுக்கப்பட்டிருந்தது. கையால் அடிக்காமல் இந்தத் தடவை அந்த ஃபைலை அப்படியே கொடுத்து ஓட்டினாள்.

திரையில் குப்பை கொட்டியது.

அந்தக் கணமே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கை கோத்ததைப் பிரித்தது அவள். பிரித்த பிறகு சி-இன் தனக்கென்று ஒரு பாத்திரம் வைத்துக்கொண்டு, ஃபைலில் இருந்து ஒரே அள்ளாகப் பெரிய துண்டை அள்ளிக்கொள்ளும். அந்தத் துண்டுக்குள்தான் நத்தையின் ஸ்கேன்-எஃப்புக்குப் போக வேண்டிய கேள்வியும் இருக்கிறது. ஸ்கேன்-எஃப் வந்து பார்க்கும்போது ஒன்றும் மிச்சமில்லை, அல்லது எங்கோ தள்ளி இருக்கும் எண் கையில் சிக்கும். கையால் அடித்தபோது இது தெரியவே இல்லை, ஏனென்றால் என்டர் தட்டத் தட்ட ஒவ்வொரு வரியாகத்தான் உள்ளே போயிற்று. அள்ளுவதற்கு அதற்கு மேல் அங்கே ஒன்றும் இல்லை. ஜட்ஜ் ஒன்றும் உட்கார்ந்து கையால் அடித்துக்கொண்டிருக்காது. பிரிக்கும் வரியைப் போட்டால் இரண்டையும் கலக்கக் கூடாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி. நத்தையின் பகுதியை ஒரு தடவை உருட்டிப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை.

பக்கத்தில் ரேடியோ, இந்த வழியை விட்டுவிட்டு வேறு ஏதாவது வழி பார்க்கலாம் என்று நத்தையை நச்சரித்துக்கொண்டிருந்தான். நத்தையும் அரை மனசாகத் தலையாட்டினான். இரண்டு பேரும் அவள் திரையைப் பார்க்கவில்லை.

அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் மேல் பிரியம் வைத்து இந்தக் கதையைச் சொல்கிற எனக்கும் இந்த இடத்தைச் சொல்லாமல் போக முடியாது. லாஜிக் தப்பு என்றே இருந்துவிட்டால் மேடம் நத்தையைத்தான் கேட்பார். நத்தையை யாரும் அணியை விட்டுத் தூக்க மாட்டார்கள். அவள் நாற்காலியும் தப்பும், எல்லாருக்கும் ஒரு சின்ன வருத்தத்தோடு காரியம் முடிந்துவிடும். இது முழுக்க அவள் மனசில் ஓடியது. திரையில் இருந்த குப்பையை அழிக்கக் கூட விரல் போயிற்று.

நத்தை அப்போது தன் நாலாவது பக்கத்தைக் கசக்கினான். நிதானமாக, மூலையிலிருந்து ஆரம்பித்து.

"கசக்காத. உன் லாஜிக்ல ஒண்ணும் தப்பில்ல," என்றாள். "நான்தான் உன் ஸ்கேன்-எஃப்பைப் பாக்காம சிங்க்கை எடுத்துட்டேன். என்னாலதான் போச்சு."

நத்தை திரையைப் பார்த்தான், புரோகிராமைப் பார்த்தான். ஒரு பெருமூச்சு விட்டான், அதில் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம். அவன் பகுதியில் இருந்த ஸ்கேன்-எஃப் எல்லாவற்றையும் அவளே சி-இன்னாக மாற்றினாள். ஃபைலைக் கொடுத்து ஓட்டினாள், சரியாக வந்தது. ரேடியோ "அனுப்பு, அனுப்பு" என்று காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டவன் போலக் குதித்தான். அவள் அனுப்பவில்லை. ஒரு லட்சம் கேஸை உருவாக்கும் குட்டிப் புரோகிராம் ஒன்றை அடித்து, அதன் வெளியீட்டை ஃபைலில் போட்டு, அதையும் கொடுத்துப் பார்த்தாள். முன்பு ஒரு நொடியைத் தாண்டியது இப்போது நொடியில் கால் பங்குகூட ஆகவில்லை. அதற்கப்புறம்தான் அனுப்பினாள். சரி என்று பச்சை வந்தது.

போட்டி முடிந்து, உறைய வைத்த பெரிய திரையைத் திறந்தபோது அடுத்த சுற்றுக்குப் போகிறவர்களில் கடைசி அணி அவர்களுடையது. ரேடியோ அதை மூன்று தடவை வாசித்தான்.

கயிற்றைத் தாண்டி வந்த மேடம் வாழ்த்துச் சொன்ன கையோடு, அந்த ராங் ஆன்சர் யாருடையது என்று கேட்டார். பம்பரம் என்னுடையது என்றாள். இந்தத் தடவை சோதித்தேன், கையால் அடித்துச் சோதித்தேன் என்று நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டாள். மேடம் தலையாட்டிவிட்டு நத்தையின் தங்கை பக்கம் திரும்பினார். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததைப் பம்பரம் பார்த்தாள். சொன்னால் சொன்னதுதான், மேடம் அப்படிப்பட்டவர்.

"மேடம்," என்றான் நத்தை. அவன் தானாக வாய் திறந்ததே அதிசயம், எல்லாரும் திரும்பினார்கள். "என் தங்கச்சி இவளைவிடக் கவனமா அடிப்பா. ஆனா இப்படி ஒரு தப்பு பண்ணிட்டா அவ வெளிய சொல்ல மாட்டா. சின்ன வயசிலேர்ந்து எனக்குத் தெரியும். இவ சொல்லலைன்னா நான் இன்னும் சரியான லாஜிக்கைக் கிழிச்சுகிட்டு உக்காந்திருப்பேன். எனக்கு இவதான் வேணும்."

அண்ணனே இப்படிச் சொல்வான் என்று அந்தப் பெண் எதிர்பார்த்திருக்க மாட்டாள். மேடம் அவளைத்தான் பார்த்தார், அது சரியா என்று கேட்பதுபோல. அவள் பையின் வாரைச் சுற்றிக்கொண்டே, "அண்ணன் சொல்றது நெசம்தான். நான் சொல்லியிருக்க மாட்டேன்," என்றாள்.

நாளையிலிருந்து பயிற்சி, கீபோர்டில் பம்பரமே இருக்கட்டும், ஆனால் ஃபைலைக் கொடுத்து ஓட்டாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டு மேடம் நடந்தார். ரேடியோ நத்தையின் முதுகில் தட்டினான்.

பம்பரத்துக்குத் துளிக்கூடச் சந்தோஷம் வரவில்லை. நத்தையின் தங்கை தனியாக வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். பம்பரம் பின்னாலேயே ஓடிப்போய்ப் படிக்கட்டில் அவளைப் பிடித்துவிட்டாள். அந்தப் பெண் நின்றாள், முகத்தைத் திருப்பவில்லை.

"நானும் சொல்லாம விட்டுடத்தான் பாத்தேன்," என்றாள் பம்பரம். "உங்க அண்ணன் அந்தத் தாளைக் கசக்காம இருந்திருந்தா சொல்லியிருக்கவே மாட்டேன்."

அந்தப் பெண் அப்போதுதான் திரும்பி அவளைப் பார்த்தாள்.