உமி மூட்டைகளுக்கு நடுவே ஓர் அலுவலகம்

என் அறையை நான் கட்டவில்லை, பிடுங்கினேன். அரிசி மூட்டையும் உடைந்த மின்விசிறியும் என் கணவன் ரொதேல் என்றைக்காவது சரிசெய்யப் போகும் பழைய டயர்களும் கிடந்த ஆறடிக்கு ஐந்தடி மூலை அது. குவைத்தில் ஆறு வருஷம் வீட்டுவேலை பார்த்துவிட்டு வந்தவளுக்கு அந்த இடத்தைக் கேட்க உரிமை இருக்கிறது என்று நானே தீர்ப்புச் சொல்லி, டயர்களைத் தெருவில் உருட்டிவிட்டேன்.

பிரிஸ்பேனில் ஒரு பல் ஆஸ்பத்திரி. அங்கே யாருக்குப் பல் வலித்தாலும் தொலைபேசியை எடுப்பது எங்கள் தீவில், இலொய்லோ நகரத்துப் பக்கத்தில் இந்த மூலையில் உட்கார்ந்திருக்கும் நான். எங்கள் காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை வேலை. முதல் பதினைந்து நாள் பரீட்சைக் காலம். அதற்குள் ஒரே ஒரு நாள் பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்பு அறுந்தாலும் முடிந்தது. வேலை போனால் மறுபடி குவைத். ஏஜென்சிக்காரன் கொடுத்த தாள்கள் மேஜை இழுப்பறையிலேயே இருந்தன, என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நான் கிளம்பும்போது மகள் ஜோவிக்கு மூன்று வயது. திரும்பி வந்தபோது என்னை "மேடம்" என்றாள். இன்னொரு தடவை அதைக் கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

அறைக்குச் சுவர் முழுக்க முட்டைத் தட்டு ஒட்டினேன். இணையத்தில் எல்லாரும் ஒட்டுகிறார்கள். அது எதிரொலியைக் கொஞ்சம் குறைக்குமே தவிர வெளிச்சத்தத்தை ஒரு துளியும் தடுக்காது என்பது நூற்றியெட்டாவது தட்டை ஒட்டிய பிறகுதான் புரிந்தது. அப்புறம் துணி அலமாரியைத் தெருப்பக்கச் சுவரோடு நகர்த்தி, கதவுக்குக் கீழே பழைய துண்டைச் சுருட்டி வைத்தேன். வாய்க்குப் பக்கத்திலேயே மைக் இருக்கும் ஹெட்செட் ஒன்றைப் பழைய சாமான் விலைக்கு வாங்கினேன். தட்டுகளைவிட அந்த மூன்றுதான் வேலை செய்தன. விளக்கு ஒரு சின்ன எல்.ஈ.டி பட்டை. கேக் சுடும் தாளை அதன் மேல் சுற்றி, முகத்துக்கு நேரே, கண்ணுக்குக் கொஞ்சம் மேலே கட்டினேன். முதலில் தலைக்குப் பின்னால் வைத்திருந்தேன். மேற்பார்வையாளர் ஹெதர் என்னைப் பார்த்து, "யாரோ மிரட்டல் வீடியோ அனுப்புற மாதிரி இருக்கு, லோர்னா" என்றாள்.

சீட்டில் என் முறை வந்தபோது முப்பது ஆம்பியர் லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கினேன். மடிக்கணினி, ரூட்டர் இரண்டுக்கும் எட்டு மணி நேரம் தாங்கும், சோதித்துப் பார்த்தாயிற்று. இன்வெர்ட்டருக்குள் இருக்கும் விசிறி ஊளையிடுவதால் அதை அறைக்கு வெளியே சமையல்கட்டில் வைத்து, ஒயரை மட்டும் உள்ளே இழுத்தேன். கேபிள் இணையம் போனால் இருக்கட்டும் என்று கையடக்க வைஃபையில் வேறு பெயர், வேறு நிறத்தில் ஒரு சிம் போட்டேன். நல்ல நாள் ஒன்றில் அதையும் சோதித்தேன். பறந்தது.

மிச்சம் இருந்தது சேவல்கள். பக்கத்து வீட்டு இசித்ரோ சண்டைச் சேவல் வளர்க்கிறவர். ஒன்பது சேவல், ஒவ்வொன்றும் என் ஜன்னலைப் பார்த்துத்தான் கூவும். போய்க் கெஞ்சினேன். அன்றைக்கே ஒன்பது கூண்டையும் ஆற்றுப்பக்கக் கடைசிக்கு மாற்றிக் கொடுத்தார். அதிலிருந்து அவரைப் பார்த்தாலே ரொதேலுக்கு முதுகு வளைந்துவிடும்.

பதினைந்தாம் நாள், வியாழக்கிழமை. காலை ஆறு முதல் மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது என்று மின் கூட்டுறவுச் சங்கம் முன்தினமே அறிவித்திருந்தது. எனக்கு என்ன, எட்டு மணி நேரம் கையில் இருக்கிறது என்று உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு மழை பிடித்தது. தகரக் கூரை மேல் யாரோ சரளைக் கல்லைக் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அழைக்கிறவர்களிடம் எல்லாம் "மன்னிக்கவும், இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது.

பத்து நாற்பதுக்கு ஒரு கிழவர் பேசினார். கடைவாய்ப் பல் பிளந்துவிட்டதாம். எனக்கு வலிப்பது மாதிரி இருந்தது, அப்படி முனகினார். "இன்றைக்கே மூன்று மணிக்கு…" என்று ஆரம்பித்தேன். ரூட்டரின் விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன. கிழவரும் போய்விட்டார்.

சமையல்கட்டுக்கு ஓடினேன். பேட்டரி பூஜ்யம் காட்டியது. மூன்று மணி நேரத்துக்கு மேல் மீதி இருக்க வேண்டியது. கையடக்க வைஃபையைத் தட்டினேன். ஒரு கோடு, அதுவும் செத்த கோடு. அப்போதுதான் மண்டையில் ஏறியது. பெயர்தான் வேறு, கேபிள்காரனும் சிம்காரனும் ஒரே முதலாளி, சிம்மின் கோபுரம் நிற்பதும் எங்கள் ஊரில்தான். அந்தக் கோபுரமும் எங்களோடு சேர்ந்து இருட்டில் இருக்கிறது, அதன் பேட்டரியும் தீர்ந்துவிட்டது. கரண்ட் இருக்கிற நாளில் சோதித்த மகாபுத்திசாலி நான்.

இன்வெர்ட்டரில் ஓர் ஆரஞ்சு ஒயர் கூடுதலாகச் செருகியிருந்தது. அது ஜன்னல் வழியாக வெளியே போனது. கணினியைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் அந்த ஒயரின் பின்னாலேயே நடந்தேன். இசித்ரோவின் ஆற்றுப்பக்க ஓலைக் கொட்டகைக்குள் போய் நின்றது. பெட்டிக்குள் இருந்த இருபத்திரண்டு குஞ்சுகளுக்கு மேலே குண்டு பல்பு ஒன்று தொங்கியது, அணைந்து.

"இந்தாய், கரண்ட் போச்சு" என்றார், நான்தான் சரிசெய்ய வந்திருக்கிறேன் என்பதுபோல். எங்கள் ஊரில் தங்கச்சி என்றால் இந்தாய், அண்ணன் என்றால் மனோங்.

"இது யார் செஞ்ச வேலை, மனோங்?"

"ரொதேல்தான். எட்டு மணிக்கு மழை வரவும் குஞ்செல்லாம் நடுங்குச்சு. ஒரு பல்புதானேன்னு இழுத்துக் குடுத்துட்டு சவாரிக்குப் போயிட்டான். நான் கேக்கக்கூட இல்ல."

"என் கம்ப்யூட்டர், ரூட்டர் ரெண்டும் சேர்ந்து குடிக்கிறதவிட இந்த ஒத்தப் பல்பு அதிகமாக் குடிக்கும். எட்டு மணி நேரத்த முழுங்கிடுச்சு. என் வேல போச்சு, மனோங். அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சு, இன்னும் அஞ்சுல போயிடும்."

ரொதேல் எதிரே இருந்திருந்தால் அன்றைக்கு என்ன செய்திருப்பேனோ. சேவலை மாற்றிக் கொடுத்த நன்றிக்கு என் பேட்டரியைத் தானம் பண்ணியிருக்கிறான், கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டினால் சத்தம் கேட்கும் என்று நான்தான் தடை போட்டிருந்தேன், அது வேறு.

இசித்ரோ சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட செல்பேசியை எடுத்தார். "நெட்டுதானே வேணும்? இதுல வரும். சேவல வீடியோல காட்டித்தானே விக்கிறேன். இது வேற கம்பெனி, டவர் ஆத்துக்கு அந்தப் பக்கம். அங்க கரண்ட் இருக்கு. ஆனா இந்த மூலைய விட்டு நகந்தா போயிடும்."

கணினி முழுச் சார்ஜில் இருந்தது. புது பேட்டரி, திரை வெளிச்சத்தைக் குறைத்தால் மூன்றரை மணி நேரம் ஓடும். இரண்டு மணிவரை போதும், மட்டுமட்டாகப் போதும். ஒரு தீவன மூட்டை மேல் அதை வைத்து, இன்னொன்றின் மேல் நான் உட்கார்ந்தேன். குஞ்சுகள் குளிரில் கீச்சுக்கீச்சென்று உயிரை வாங்கின.

"மனோங், விறகடுப்புல வெந்நி வையுங்க. பாட்டில்ல ஊத்தி, துணி சுத்தி பெட்டிக்குள்ள போடுங்க. பல்புக்குப் பதிலா அது போதும். குஞ்சுங்கள வீட்டுக்குள்ள கொண்டுபோங்க."

"சேவலுங்க? பத்தடிலதான் கூண்டு இருக்கு. கூவினா என்னைத் திட்டாத."

"திட்டமாட்டேன். அழுவேன்."

அவர் குஞ்சுப் பெட்டியை வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்தார். பிறகு பெட்டிகளை எடுத்து வந்தார். பந்தயத்துக்கும் கப்பலுக்கும் சேவலைக் கொண்டுபோகிற, காற்றுக்கு மட்டும் ஓட்டை வைத்த இருட்டுப் பெட்டிகள். மழையில் நனைந்துகொண்டே ஒவ்வொரு சேவலாக நெஞ்சைத் தடவி, காதில் ஏதோ சொல்லி, உள்ளே விட்டார். இருட்டானால் அவற்றுக்கு ராத்திரிதான். ஒன்பதாவது பெட்டி மூடிய பிறகு சத்தமே இல்லை.

அதற்கு முன்பே, எட்டாவது நிமிடத்தில், எனக்குத் தொடர்பு கிடைத்துவிட்டது. முதல் வேலையாகக் கிழவரைத் திரும்ப அழைத்தேன். "பாதியில் விட்டுப் போய்விட்டாயே" என்றார். மூன்று மணிக்கு நேரம் கொடுத்தேன். அதன் பிறகு வரிசையாக வந்தார்கள். ஈறு வீங்கியவள், பல் துலக்காத பிள்ளையின் அப்பா, பில்லில் தப்பு என்று கத்துகிறவன். விளக்குக்கு வைத்திருந்த பவர் பேங்கை ஜோவி கொண்டுவந்து கொடுக்க, அதை இசித்ரோவின் செல்லுக்குச் செருகினேன். பசித்தது, எழுந்திருக்கப் பயமாக இருந்தது. என் பாவாடை என் மேலேயே காய்ந்தது. மூன்று மணி நேரமாக அந்தக் கணினியின் சதவீதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், முப்பது, இருபத்தியொன்று, பதினான்கு. யாரிடமும் குரலில் காட்டவில்லை. ஆறு வருஷம் அடுத்தவர் வீட்டில் அழாமல் பேசிப் பழகியது இதற்காவது உதவட்டும்.

இரண்டு மணிக்கு ஹெதர் வீடியோவில் வந்தாள். வெளிச்சத்துக்கு வாசலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். ஏழு சதவீதம்.

"இன்றைக்கு எட்டு நிமிடம் அறுந்திருக்கிறது" என்றாள். "பத்துக்குள்தான். அந்தப் பெரியவர் வேறு உன்னைப் பற்றி நல்லதாகச் சொன்னார். திங்கட்கிழமை முதல் நீ நிரந்தரம், லோர்னா."

நன்றி சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"இன்னொன்று. காலையில் உன் பக்கம் ஒரே இரைச்சல். பதினொன்றுக்கு மேல் இந்தப் பதினைந்து நாளில் இவ்வளவு சுத்தமாக உன் குரல் வந்ததே இல்லை. வெளிச்சமும் அழகு. என்ன மாற்றினாயோ, அதை அப்படியே வைத்துக்கொள்."

திரை அணைந்த பிறகுதான் சுற்றிப் பார்த்தேன். மூன்று பக்கமும் கூரை வரைக்கும் உமி மூட்டை. தலைக்கு மேல் ஓலை, மழை அதில் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. நூற்றியெட்டு முட்டைத் தட்டும் சீட்டுப் பணமும் எட்டு மாதமும் போட்டு நான் கட்டிய அறை அங்கே தகரத்துக்குக் கீழே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் அது வேறாக மாறியது. மூட்டையில் சாய்ந்துகொண்டேன். எப்படியோ, இனி குவைத் இல்லை. அதை நம்ப மனசுக்கு இன்னும் தெம்பு வரவில்லை.

தெருவில் ரொதேலின் மூன்று சக்கர வண்டி வந்து நின்றது. ஆரஞ்சு ஒயர் மழையில் கிடப்பதைப் பார்த்திருப்பான், வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

இசித்ரோ வாசலில் தலையை நீட்டினார். "முடிஞ்சுதா, இந்தாய்? வேல நிலைச்சுதா?"

தலையாட்டினேன்.

"அப்ப பெட்டியத் தொறக்கட்டுமா? மூணு மணி நேரமாத் தண்ணி காட்டல."

"தொறங்க, மனோங்" என்றேன். அவர் குனிந்தார். "அஞ்சு நிமிஷம் கழிச்சுத் தொறங்க. அஞ்சே நிமிஷம் யாரும் பேசாம இருக்கட்டும்."

அவர் நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, எதிர் மூட்டை மேல் உட்கார்ந்தார்.